சித்தப்பா விற்ற கார்

அம்பாசடரும் பியட்டும் மட்டுமே கார் என்று இருந்த காலத்தில், தென்காசியில் ஒருவர் காரை விற்கிறார் என்றால் அந்தக் காரைப் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கும். டாக்டர் வீட்டுக் கார், வக்கீல் வீட்டுக் கார், அரிசி ஆலைக்காரர் கார், சீசனில் குற்றாலத்துக்கு வாடகைக்கு ஓடும் கார் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருந்தது. எஞ்சின் எப்போது ரீபோர் ஆனது, எந்தக் கதவில் பட்டி பார்த்திருக்கிறது, தரைத் தகரம் எங்கே துருப்பிடித்தது என்பதெல்லாம் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குக்கு மனப்பாடம். வாங்க நினைப்பவர் அவரிடம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலே போதும். அத்தானிடமிருந்து மச்சானுக்கும், பெரியப்பாவிடமிருந்து தம்பி மகனுக்கும் கார் கைமாறியது இப்படித்தான். அதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். காரைப் பற்றிய விசாரணை நடக்கத்தான் செய்தது. அதை ஊரே செய்துகொடுத்தது.

காகிதம்தான் அன்று பின்தங்கிவிட்டது. ஆர்.சி. புக் உண்மையிலேயே ஒரு சிறு புத்தகமாக இருந்தது. உரிமையாளர் மாறும்போது புதுப் பெயரைப் பேனாவால் எழுதி, முத்திரை வைத்து, அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். தென்காசிக்கென்று டி.என். 76 வருவதற்கு முன் அதற்குத் திருநெல்வேலி வரை போக வேண்டும். அதனால் பலர் போகவில்லை. தாத்தா பெயரில் இருந்த காரைப் பேரன் ஓட்டினான். சட்டம் அன்றும் இதை ஏற்கவில்லை. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்ற விதி 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. 1988இல் வந்த புதுச் சட்டத்தின் 50ஆவது பிரிவும் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு அதே கெடுவைத்தான் வைத்திருக்கிறது. விதி மாறவில்லை. அதை மீறினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காத சூழல்தான் மாறிவிட்டது.

இன்று உறவு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த உறவுக்காரருக்கே தன் கார் முழுதாகத் தெரியாது. சென்னையில் இரண்டு கை மாறிய காரை அவர் வாங்கியிருக்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஓட்டிவிட்டு ஊரில் விட்டுப்போன காராக இருக்கலாம். சர்வீஸ் கம்பெனியில் கொடுத்து எடுத்ததால், பானெட்டுக்குள் என்ன செய்தார்கள் என்று அவர் பார்த்திருக்கமாட்டார். மனசார, "வண்டி நல்லா இருக்குடே" என்று சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆளை நம்புவது வேறு, அவர் விற்கும் காரை நம்புவது வேறு. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன, இன்று பிரிந்துவிட்டன.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று நம்பர் பிளேட்டைப் பார்த்து ஆளைத் தேடிப்பிடிக்க நாள்கணக்கில் ஆகும். இன்று கேமரா எடுத்த படத்திலிருந்து அபராதம் நேரே ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்குப் போகிறது. சுங்கச்சாவடிப் பணம் ஃபாஸ்டேக் வழியாக விற்றவரின் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. விபத்து நடந்தால் நீதிமன்றம் முதலில் தேடுவதும் அந்தப் பெயரைத்தான். ஆகவே, "நமக்குள்ள எதுக்குப் பேப்பரு" என்ற பெருந்தன்மை வாங்குபவரைவிடக் கொடுத்தவரையே அதிகம் கடிக்கிறது. சித்தப்பாவிடம் கையெழுத்து கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாகாது. அவரைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று சொன்ன ஒரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ஹரியானா வழக்கு. ஒருவர் தன் காரை 2007இல் விற்றார். வாங்கியவர் 2008இல் இன்னொருவருக்கு விற்றார். அவரும் கைமாற்றினார். ஒவ்வொரு கையிலும் கார் போனதே தவிரப் பதிவேட்டில் பெயர் மாறவேயில்லை. 2009 மே மாதம் ஒரு காலையில் அந்தக் கார் ரிவர்ஸில் வந்து ஒரு பெண்மீதும் அவருடைய உறவுப் பையன்மீதும் மோதியது. பையன் இறந்துபோனான். இழப்பீட்டை யார் கொடுப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்பவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான். கார் கையில் இல்லாவிட்டாலும் முதல் ஆளே பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதுதான் காரணம். அது நியாயமான காரணம். ஆனால் விற்று இரண்டு வருடம் ஆன பிறகு அந்தச் செய்தி வீட்டு வாசலுக்கு வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2022 அக்டோபர் 23 அதிகாலை, தீபாவளிக்கு முந்தைய நாள், கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே வெடித்தது ஒரு பழைய மாருதி 800. அந்தக் கார் பலர் கைமாறி வந்தது. போலீசார் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து விசாரித்தார்கள். இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால், நல்ல மனதோடு விற்றுவிட்டு மறந்துபோன ஒருவர் வீட்டிலும் போலீஸ் வந்து கதவைத் தட்ட முடியும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மேலகரத்தில் இருக்கும் ஒருவர், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் குடியிருக்கும் தன் சித்தப்பாவின் 2017ஆம் ஆண்டுக் காரை நாலு லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சித்தப்பா, "வண்டிய எடுத்துட்டுப் போடே, ரூவாய மெதுவா குடு" என்கிறார். மகன் முறை என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலைக்கு வீட்டை விட்டே கிளம்ப வேண்டாம். கைபேசியில் mParivahan செயலியில் பதிவெண்ணைப் போட்டால், பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, வண்டியின் மேல் கடன் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். echallan.parivahan.gov.in தளத்தில் நிலுவை அபராதம் இருந்தால் காட்டும். இதில் பெரும்பாலும் மாட்டுவது கடன்தான். சித்தப்பா கடைசித் தவணையை மூன்று வருடம் முன்பே கட்டியிருப்பார். ஆனால் வங்கி கொடுத்த தடையில்லாக் கடிதத்தையும் படிவம் 35ஐயும் பீரோவில் வைத்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க மறந்திருப்பார். ஆர்.சி.யில் அந்த வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். ஹெச்.பி. ரத்தாகாமல் பெயர் மாற்றம் நகராது. அந்தக் கடிதத்துக்கும் கெடு இருப்பதால் வங்கியில் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். இதைக் காருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் சித்தப்பா செய்து முடிப்பதுதான் முறை. பதிவில் இருக்கும் கைபேசி எண்ணையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். இணைய விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அது கார் வாங்கிய நாளில் ஷோரூம்காரர் போட்ட எண்ணாகவோ, சித்தப்பா எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணாகவோ இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, காரைப் பார்ப்பது. ஜங்ஷன் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது ஜங்ஷன் பேருந்து நிலையப் பகுதி வரை தண்ணீர் வந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்து, உள்விரிப்பு மாற்றி, இன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சித்தப்பாவைக் கேட்டால், "லேசா தண்ணி ஏறிச்சு, சர்வீஸ் பண்ணிட்டோம்லா" என்பார். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. வயர் கட்டுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் ஏர்பேக் யூனிட்டுக்குள்ளும் போன சேற்றுநீர்தான் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து வேலையைக் காட்டும். திடீரென்று ஜன்னல் இறங்காது, டாஷ்போர்டில் விளக்கு எரியும், ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது.

இதைக் கண்டுபிடிக்க எந்திரம் தேவையில்லை. டிரைவர் சீட்டின் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று பொருள். காரைக் கழுவுகிறவர் யாரும் பெல்ட்டை முழுதாக இழுத்துக் கழுவுவதில்லை. அடுத்து டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அது உட்காரும் குழியின் மூலையில் விரலைவிட்டுப் பாருங்கள். நைசான வண்டல் ஒட்டும். சீட்டை முன்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். இத்தனை வருடம் ஓடிய காரில் மேற்பரப்பில் லேசான துரு இருக்கலாம். போல்ட் முழுக்கச் செதில் செதிலாகத் துரு ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள். குற்றாலப் பக்கத்துக் காருக்குச் சாரலால் கொஞ்சம் ஈரவாசனை வரத்தான் செய்யும், அதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. மேலேயிருந்து விழும் சாரல் பெல்ட்டின் அடிப்பகுதியில் வண்டல் கோடு போடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். முன் மட்காடு, கதவுக் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் அவை ஒருமுறை கழற்றப்பட்டிருக்கின்றன, அதாவது எங்கோ அடி வாங்கியிருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தை வாங்கித் தரும்படி சித்தப்பாவிடமே கேட்கலாம். கிலோமீட்டர் எங்காவது பின்னால் போயிருந்தால் அதில் தெரிந்துவிடும். பார்க்கப் போகும் அன்று எஞ்சினை யாரும் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும்.

நம் ஊர்க்காரருக்கு ஓட்டிப் பார்க்க நல்ல இடம் கிடைத்திருக்கிறது. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு வழியாகக் கோட்டைவாசல் வரை ஏறி இறங்குங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. சமதளச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டும் அவ்வளவாகத் தெரியாது. கூடவே உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். சித்தப்பாவின் மெக்கானிக்கை வேண்டாம் என்பது அவர் ஏமாற்றுவார் என்பதால் அல்ல. பழகிய காரின் குறை பழகிய காதுக்குக் கேட்காது.

இந்தப் பார்வையில் கிளட்ச் மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் உறவு ஒன்றும் கெடாது. விலையில் குறைத்துக்கொள்ளலாம், அல்லது தெரிந்தே அதே விலைக்கு எடுக்கலாம். கெடுவது எப்போது என்றால், வாங்கி இரண்டு மாதம் கழித்துத் தெரியவரும்போதுதான். அப்போது அது கிளட்ச் பிரச்சினையாக இருக்காது. "சித்தப்பா மறைச்சுட்டாரு" என்று வீட்டுக்குள் பேச்சு ஓடும். அடுத்த கல்யாண வீட்டில் இரு குடும்பமும் தனித்தனிப் பந்தியில் உட்காரும்.

பணம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதி 2017இல் வந்தது. மீறினால் வாங்கிய ரொக்கத்துக்குச் சமமான அபராதம், அந்த ரொக்கத்தை வாங்கிய சித்தப்பாமீதே விழும். அண்ணன் தம்பிக்குள் என்றால் விலக்கு என்று எதுவும் இல்லை. நாலு லட்சமும் வங்கி வழியாகப் போகட்டும். தவணையாகக் கொடுப்பதாகப் பேசியிருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கார் கைமாறும் அன்று எழுத வேண்டிய டெலிவரி நோட்டை நம் ஊரில் பலரும் விட்டுவிடுகிறார்கள். பதிவெண், சேசிஸ் எண், எஞ்சின் எண், கிலோமீட்டர், விலை, இருவர் முகவரி, அதோடு தேதியும் நேரமும் அதில் இருக்க வேண்டும். நேரத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், காலை 11 மணிக்கு விழுந்த அபராதமும் மாலை 4 மணிக்கு நடந்த விபத்தும் யார் கையில் கார் இருந்தபோது என்பதற்கு அதுதான் சாட்சி. அதே உட்காரலில் படிவம் 29இலும் படிவம் 30இலும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். முதலாவது, விற்றுவிட்டேன் என்று சித்தப்பா தெரிவிப்பது. இரண்டாவது, என் பெயருக்கு மாற்றுங்கள் என்று மகன் முறை கேட்பது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்ற 'ஓப்பன் டெலிவரி' வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு அந்தக் கார் நாளை யார் யாருக்கோ போகும். எல்லா இடத்திலும் சித்தப்பாவின் பெயரும் கூடவே போகும். டெலிவரி நோட்டும் சித்தப்பாவுக்கு முழுப் பாதுகாப்பு அல்ல. போலீஸிடம் காட்ட உதவும். ஆனால் விபத்து இழப்பீட்டில் பதிவேடு அவர் பெயரைக் காட்டும்வரை பொறுப்பு அவரைச் சுற்றித்தான் நிற்கும்.

இன்சூரன்ஸில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். "மார்ச் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு" என்று சித்தப்பா சொல்வது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவுப்படி, கார் கைமாறினாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு காரோடு சேர்ந்து போகிறது. எதிரே வந்தவருக்கு அடிபட்டால் அவருக்கு இழப்பீடு உண்டு. நம் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கான பகுதி அப்படித் தானாகப் போகாது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்து, ஆர்.சி. ஒருவர் பெயரிலும் பாலிசி இன்னொருவர் பெயரிலும் இருக்கும் நிலையில் எஸ் வளைவில் கார் சுவரில் மோதினால், பழுது பார்க்கும் செலவு முழுதும் சொந்தக் கையிலிருந்துதான். நோ கிளெய்ம் போனஸும் காருக்கு உரியதல்ல, சித்தப்பாவுக்கு உரியது. அவர் அதைத் தன் அடுத்த காருக்கு எடுத்துப் போவார். மீதமிருக்கும் மாதங்களுக்கு அந்தச் சலுகை வித்தியாசத்தை வாங்கியவர் கட்ட வேண்டும். விலை பேசும்போதே இந்தச் சில ஆயிரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

எல்லை ஊர் என்பதால் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். புனலூரிலோ கொல்லத்திலோ இருக்கும் மைத்துனரிடம் கே.எல். எண் கார் மலிவாகக் கிடைக்கும். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். எண்ணுக்கு மாற்ற வேண்டும். வேறு மாநில எண்ணில் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை. அங்கே கட்டிய ஆயுள்கால வரியில் மீதியைத் திரும்பப் பெற மைத்துனர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரியையும் கூட்டிப் பார்த்தால் பல சமயம் அந்த மலிவு காணாமல் போகிறது.

சித்தப்பா காலமான பிறகு சித்தியிடமிருந்து கார் வருகிறது என்றால் வழி வேறு. இறந்தவர் பெயரிலிருந்து நேரே வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது. 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 மூலம் காரை முதலில் சித்தி பெயருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை. துக்க வீட்டில் இதைப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் பேசாமல் விட்ட கார்கள்தான் ஐந்து வருடம் கழித்து, வாரிசுகள் ஐந்து ஊரில் இருக்கும்போது, ஒவ்வொருவரின் ஒப்புதலுக்காகவும் காத்து நிற்கின்றன.

மறுபடி நம் கணக்குக்கு வந்தால், கார் மேலகரத்து வீடு வந்து சேர்ந்த பிறகு சித்தப்பாவுக்கு இரண்டு வேலை மிச்சம் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை அவர் தன் வங்கியில் சொல்லி மூட வேண்டும். இல்லாவிட்டால் மகன் முறை நாகர்கோவில் போகும்போதெல்லாம் நாங்குநேரி சுங்கச்சாவடியில் சித்தப்பாவின் பணம் கழியும், புது டேக் வாங்குவதும் சிக்கலாகலாம். பிறகு ஒரு மாதம் கழித்து, அதே mParivahan செயலியில் தன் பழைய காரின் எண்ணைப் போட்டு, உரிமையாளர் மாறிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால் தயங்காமல் போன் செய்து கேட்கலாம், உறவுக்காரர்தானே.